காலுறையின் தையல்: அழகுக்கா, அளவுக்கா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெண்கள் பலர் ஒரு விந்தையான காரியம் செய்தார்கள். வெறுங்காலின் பின்புறத்தில், குதிகாலிலிருந்து மேல்நோக்கி, புருவ மை தீட்டும் பென்சிலால் நேராக ஒரு கோடு வரைந்துகொண்டார்கள். காரணம் எளிது. 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த நைலான் காலுறைகள், இரண்டே ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. நைலான் இழை முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போய்விட்டது. காலுறை இல்லை, ஆனால் காலுறை இருப்பதாகத் தோன்ற வேண்டும். அதற்குத் துணி வேண்டியதில்லை, பின்புறத் தையல் ஒன்று போதும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்!

வேடிக்கையாகத் தோன்றும் இச்செயல் நம்மை ஒரு கேள்விக்கு இட்டுச் செல்கிறது. அந்தத் தையல் முதலில் அங்கே ஏன் வந்தது? அது அழகுக்காக வந்ததா, வேறு வேலைக்காக வந்ததா? இன்று கடைகளில் “தையலற்றது” என்பதை ஓர் உயர்ந்த குணமாக அச்சிட்டு விற்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இறுக்கக் காலுறையை வாங்கப் போகிறவருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. எனவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

காலுறை பின்னும் பொறியை 1589-இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ அமைத்தார். ஒரே வரிசையில் பல ஊசிகளை நிறுத்தி, ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஒரே அசைவில் பின்னியது அப்பொறி. எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்பது பலரும் அறிந்த கதை. நமக்கு வேண்டியது வேறொன்று. லீயின் பொறி பின்னியது குழாய் அன்று, தட்டையான துணி. தட்டைத் துணியைக் காலைச் சுற்றி வளைத்தால் இரண்டு ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் தைக்கத்தான் வேண்டும். அந்தத் தையல்தான் பின்னங்காலின் கோடு.

அப்படியானால் தையல் ஒரு குறைபாடுதானே என்று கேட்கலாம். இல்லை. தட்டையாகப் பின்னுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஓரத்திலுள்ள கண்ணிகளை உள்ளே உள்ள ஊசிகளுக்கு மாற்றிவிட்டால், அடுத்த வரிசை குறுகிவிடும். காலின் வடிவத்துக்கு ஏற்பத் துணியே குறுகிக்கொண்டு வரும். 1864-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரத்து வில்லியம் காட்டன், இந்தக் குறுக்கும் வேலையைத் தானே செய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நைலான் காலத்தின் உயர்ந்த காலுறைகள் யாவும் அந்த வகைப் பொறியில் பிறந்தவைதாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தொடைப் பகுதியில் ஒரு வரிசைக்கு 476 கண்ணிகள் இருக்கின்றன. கணுக்காலில் 336 போதும் என்று வைத்துக்கொள்வோம். குறைக்க வேண்டியவை 140; ஓர் ஓரத்துக்கு 70. ஒவ்வொரு தடவையும் ஓர் ஓரத்தில் இரண்டு கண்ணிகள் குறைத்தால் 35 தடவை குறுக்க வேண்டும். குறுக்கிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அங்கே சிறு புள்ளி போன்ற தடித்த அடையாளம் தோன்றும். தையலின் இருபுறமும் கெண்டைக்கால் சதையருகில் வரிசையாகத் தெரியும் அந்தப் புள்ளிகளைக் காலுறையின் அங்க அடையாளம் எனலாம். கணுக்காலில் துணி தொளதொளவென்று நிற்காததற்கு அவைதாம் சாட்சி.

இனிக் குழாய்க்கு வருவோம். உருளை வடிவில் ஊசிகளை நிறுத்தி வட்டமாகவே பின்னும் எண்ணம் பழையது. 1816-லேயே மார்க் இசம்பார்ட் புரூனெல் அத்தகைய பொறிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இதில் தையலே தேவையில்லை. ஆனால் உருளையில் 400 ஊசிகள் இருந்தால் தொடையிலும் 400 கண்ணி, கணுக்காலிலும் 400 கண்ணி. எண்ணிக்கையைக் குறைக்க வழியில்லை. கண்ணியைச் சிறிதாக்கித் துணியை ஓரளவு இறுக்கலாம், அவ்வளவே. பட்டு, பருத்தி காலத்தில் இக்காலுறைகள் கணுக்காலில் சுருங்கித் தொங்கின. மலிவான சரக்கு என்று பெயர் வாங்கின.

அவற்றைக் கைதூக்கிவிட்டது நைலான்தான். நைலான் வெப்பத்தால் இளகி, குளிர்ந்ததும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள். கால் வடிவ அச்சின்மீது காலுறையை மாட்டி நீராவியில் வேகவைத்தால் குழாய் கால் வடிவத்தை ‘நினைவில்’ வைத்துக்கொள்ளும். 1958-இல் உருவான ஸ்பாண்டெக்ஸ் என்னும் மீள்தன்மை மிக்க இழையும் பின்னால் சேர்ந்துகொண்டது. 1960-களில் தையலற்ற குழாய் வென்றது.

இங்கேதான் எனக்கு முதல் மனக்குறை. தையல் மறைந்ததும் அதன் மதிப்பு மறையவில்லை. குழாயாகப் பின்னிய காலுறையின் பின்புறத்தில் வீணே ஒரு கோடு தைத்து, அதன் அருகில் புள்ளிகளையும் போட்டு, பழைய உயர்ந்த சரக்கு போல விற்கும் வழக்கம் தோன்றியது, இன்றும் உண்டு. இது பென்சில் கோட்டின் தம்பி என்றே சொல்வேன். பென்சில் கோட்டிலாவது பஞ்சகாலத்தின் நகைச்சுவை இருந்தது!

போலியைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். துணியில் மேலிருந்து கீழாக ஓடும் கண்ணி நிரல்களைப் பாருங்கள். உண்மையான தையலில், புள்ளி உள்ள இடத்தில் ஒரு நிரல் முடிந்துபோகும். புள்ளிக்கு மேலே எண்ணினால் அதிகம், கீழே எண்ணினால் குறைவு. போலியில் புள்ளி துணியின்மேல் உட்கார்ந்திருக்கும்; நிரல்கள் எதுவும் நடவாதது போலத் தம் வழியே ஓடும்.

ஆனால் கணுக்காலின் தொல்லை அகலத்தோடு முடிவதில்லை. அங்கே கால் செங்கோணமாகத் திரும்புகிறது. ஒரு குழாயை அப்படித் திருப்பினால் என்ன ஆகும்? கணுக்காலை r ஆரமுள்ள குழாய் என்று கொள்வோம். வளைவின் உட்புறம், அதாவது பாதத்தின் மேற்பக்க மடிப்பு, ஒரு கால்வட்டம். அதன் ஆரம் a என்க. வெளிப்புறம், அதாவது குதிகால் பக்கம், மற்றொரு கால்வட்டம். அதன் ஆரம் a + 2r. இரண்டு வில்களின் நீள வேறுபாடு:

(π/2)(a + 2r) − (π/2)a = πr

இதில் a மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். வளைவு மெதுவாக இருந்தாலும் கூராக இருந்தாலும் வேறுபாடு ஒன்றே. அது கணுக்கால் சுற்றளவில் சரிபாதி. 22 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கணுக்காலுக்கு 11 சென்டிமீட்டர்! நேர்க்குழாயை மாட்டினால் குதிகாலில் துணி போதாமல் இழுபடும். முன்புறத்தில் மிச்சத் துணி மடிப்பு மடிப்பாக நிற்கும். குதிகால் இல்லாத மலிவான காலுறை அணிந்த எந்த மாணவனின் ஷூவுக்கு மேலும் இந்த 11 சென்டிமீட்டரைக் காணலாம்.

குதிகால் பையின் வேலை இந்தக் கடனைத் தீர்ப்பதுதான். 144 ஊசிகள் கொண்ட சாதாரணக் காலுறைப் பொறியை எடுத்துக்கொள்வோம். குதிகால் வந்ததும் முன்பாதி 72 ஊசிகள் ஓய்வெடுக்கும். பின்பாதி 72 மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஊசி ஓய்வுக்குப் போகும். 24 ஊசிகள் எஞ்சும்போது 48 வரிசைகள் முடிந்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக ஊசிகள் திரும்பி வரும். மேலும் 48 வரிசைகள். ஆக முன்புறத்தில் இல்லாத 96 வரிசைகள் குதிகாலில் கூடுதலாக உண்டு. சென்டிமீட்டருக்குப் பத்து வரிசை என்றால் 9.6 சென்டிமீட்டர். மிச்சம் உள்ள ஒன்றரையைத் துணியின் நெகிழ்ச்சி பார்த்துக்கொள்ளும்.

உங்கள் காலுறையின் குதிகால் இருபுறமும் ஒரு சாய்வுக் கோடு தெரிகிறதல்லவா? ஊசிகள் போய்த் திரும்பிய தடம் அது. அந்த இணைப்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் பின்னல் தளர்ந்த சரக்கு. முதலில் கிழியப் போவதும் அங்கேதான். காலுறை அணிந்தபின் சாய்வுக்கோடுகள் கூடும் முனை குதிகாலின் பக்கத்தில் நிற்காமல் உள்ளங்காலுக்கு அடியில் போனால், பாத அளவு உங்களுக்குச் சிறியது. கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றால் பெரியது. இந்தப் பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தோற்றமும் வசதியும் பற்றியது. இனிச் சொல்லப்போவது உடல்நலம் பற்றியது.

என் அத்தைக்கு இரத்தக் குழாய் புடைப்புக்காக மருத்துவர் இறுக்கக் காலுறை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு பார்த்தால் அது அலமாரியில் கிடந்தது. “போட்டா கணுக்கால்ல கயிறு கட்டுன மாதிரி இருக்கு கண்ணு. வீக்கத்துக்கு வீக்கமே தேவலை” என்றார். காலைக் காட்டச் சொன்னேன். கணுக்காலின் முன்புறம், சற்று மேலே, ஒரு சிவந்த பள்ளம் வளையமாக ஓடியது. காலுறையைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மேல்விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். குதிகால் பை பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சத் துணி கணுக்காலில் மடிந்து நின்றது. முன்பு சொன்ன அதே 11 சென்டிமீட்டர் கணக்கு!

இந்த மடிப்பு எவ்வளவு கெடுதல் என்பதை லாப்லாஸ் விதி காட்டும். உருளையைச் சுற்றிய மீள்துணி தரும் அழுத்தம்

P = T/r

இங்கே T என்பது துணியின் ஒரு மீட்டர் உயரத்துக்கு உள்ள இழுவிசை. r உருளையின் ஆரம். மருத்துவர் கணுக்காலில் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும் என்கிறார். அது ஏறத்தாழ 4000 பாஸ்கல். கணுக்கால் சுற்றளவு 22 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 3.5 சென்டிமீட்டர். எனவே T = 4000 × 0.035 = 140 நியூட்டன்/மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு 1.4 நியூட்டன், 140 கிராம் எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. அதே இழுவிசை 36 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கெண்டைக்காலில் 18 மில்லிமீட்டர்தான் தரும். கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தம் இருக்க வேண்டும். அப்போதுதான் இரத்தம் மேலேறும். பாதி வேலையைக் காலின் வடிவமே செய்துகொடுக்கிறது.

ஆனால் துணி மடிந்து மூன்று அடுக்கானால் அந்தப் பட்டையில் இழுவிசை மூன்று மடங்கு. அழுத்தமும் மூன்று மடங்கு, 90 மில்லிமீட்டர். இதயம் ஓய்வாக இருக்கும்போது தமனியில் உள்ள அழுத்தம் 80 அளவில்தானே? அத்தை ‘கயிறு’ என்றது மிகையன்று. கணக்கு தோராயமானதுதான், மடிப்பு முழு வட்டமாக ஒரே சீராக நிற்பதில்லை. ஆயினும் அந்தச் சிவந்த பள்ளம் கணக்கின் பக்கமே சாட்சி சொன்னது.

r என்பது சுற்றளவைக் கொண்டு கணக்கிட்ட சராசரி என்பதையும் மறக்கலாகாது. கணுக்கால் உண்மையில் வட்டமன்று. வெளிக் கணு எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில் வளைவின் ஆரம் 1.5 சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் 70 மில்லிமீட்டராகிவிடும். கணுவுக்குப் பின்னால் உள்ள குழியிலோ துணி பாலம் போலத் தாண்டிப் போகும், அழுத்தமே இராது. அங்கே வீக்கம் தங்கினால் மெத்தென்ற திண்டு வைத்து நிரப்புவது இதற்காகத்தான்.

இப்போது தையலுக்குத் திரும்புவோம். நாகரிகத்தில் தோற்றுப்போன தட்டைப் பின்னல் மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது. நிணநீர் தேங்கி வீங்கிய கால், யானைக்கால் நோய் கண்ட கால், இவை ஒழுங்கான வடிவில் இருப்பதில்லை. கணுக்காலில் 28, அதற்கு ஒரு சாண் மேலே 50 என்று சுற்றளவு தாவும். எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கைக் கண்ணி கொண்ட குழாய் இங்கே விரிந்து விரிந்து கொடுக்கப் பார்க்கும். தோல் மடிப்புகளுக்குள் சரிந்து வெட்டும். தட்டையாகப் பின்னி, வேண்டிய இடத்தில் ஊசிகளைச் சேர்த்தும் குறைத்தும், கடைசியில் பின்புறம் தைத்த காலுறைதான் இத்தகைய காலுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்வது. தடித்தது, அழகற்றது, ஆனால் அளவானது. வில்லியம் காட்டனின் கருத்து சுற்றி வந்து இங்கே நிற்கிறது.

இவ்வகைக் காலுறையில் தையல் மற்றொரு வேலையும் செய்கிறது. அது ஒரு தூக்குநூல். அணிந்தபின் கண்ணாடியில் பின்புறம் பாருங்கள். தையல் குதிகாலின் நடுவிலிருந்து நேரே மேலே போனால் துணி திருகாமல் இருக்கிறது. கொடி போலச் சுற்றிப் போனால் துணி ஒருபக்கம் கூடுதலாக இழுபட்டிருக்கிறது. குதிகால் பை இடம் மாறியிருக்கிறது. குழாய்க் காலுறையில் இந்த எச்சரிக்கை கிடையாது. ‘தையலற்றது’ என்ற விளம்பரம் இந்த இழப்பைச் சொல்வதில்லை.

அதற்காகத் தையல் எங்கும் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. விரல் முனையில் உள்ள தையல் முற்றிலும் வேறு கதை. குழாயின் வாயை மூடும் அந்தத் தையல் விரல்களின்மேல் வரம்பு போல உருண்டு நிற்கும். நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது உரசுவது தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடிய தட்டையான முனையுள்ள காலுறையை அவர்கள் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பி அணியலாம். இங்கே ‘தையலற்றது’ என்ற சொல்லுக்கு முழு மதிப்பு உண்டு. விளம்பரக்காரர்கள் தவறான முனையில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்பதே என் குறை.

மற்றொரு குறை அளவுச் சீட்டைப் பற்றியது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றே அளவு. அதுவும் சில கடைகளில் செருப்பு எண்ணைக் கேட்டு எடுத்துத் தருகிறார்கள். பாத நீளம் தெரிந்தால் கணுக்கால் ஆரம் தெரிந்துவிடுமா? P = T/r சூத்திரத்தில் செருப்பு எண்ணுக்கு இடமே இல்லை. கணுவுக்குச் சற்று மேலே, கால் மிகவும் மெலிந்திருக்கும் இடத்தில், காலையில் எழுந்தவுடன் வீக்கம் ஏறுமுன் அளக்க வேண்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்திலும் அளக்க வேண்டும். காலுக்குப் போகும் தமனி இரத்தவோட்டம் குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இறுக்கக் காலுறையைத் தொடவே கூடாது.

அத்தைக்கு மறுநாள் காலை அணியும் முறையைக் காட்டினேன். காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உள்ள பகுதியை உட்புறம் வெளியாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாதத்தை நுழைத்து, குதிகால் பை குதிகாலில் சரியாக உட்காரும்வரை மேற்கொண்டு போகவே கூடாது. கணுக்கால் சுற்றளவு 22 ஆனாலும் குதிகாலையும் பாதத்தின் மேட்டையும் சேர்த்துச் சுற்றினால் என் காலில் 32 வருகிறது. 22-இல் இறுக வேண்டிய துணி 32 என்னும் வாசலைத் தாண்ட வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டம் மிகவும் கடினம். அது தாண்டியபின், திருப்பிய பகுதியைச் சிறிது சிறிதாக மேலே விரிக்க வேண்டும். மேல்விளிம்பைப் பிடித்து இழுக்கலாகாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் கீழிருந்து மேலே நீவிவிட்டால் துணி தானே ஏறும், மடிப்பும் கலையும். மேலே மிஞ்சினால் மடித்துவிடக் கூடாது. இரண்டு அடுக்கானால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் கால்மணி நேரம் பிடித்தது. பத்து நாள் கழித்துப் போனபோது அத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு காலை நீட்டி, கணுக்காலின் முன்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒரு சிறு மடிப்பை மேலே நீவிவிட்டார். “பின்னாடி கோடு இருந்தா நல்லா இருந்திருக்கும். நேரா இருக்கான்னு பார்த்துக்கலாம்” என்றார்.